கீறலுக்கு முந்தைய அரை மணி நேரம்: வளரிளம் பருவத்தினரின் சுயகாயமும் மென்டலைசேஷன் சிகிச்சையும்

தன்னைக் காயப்படுத்திக்கொண்டு மருத்துவரிடம் வந்திருக்கும் 15 வயதினரிடம் "ஏன் செய்தாய்?" என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் "தெரியவில்லை" என்பதுதான். இதை ஒத்துழையாமை என்றோ மறைப்பு என்றோ குறிப்பேட்டில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். மென்டலைசேஷன் அடிப்படையிலான சிகிச்சை அந்தப் பதிலை நம்புவதில் தொடங்குகிறது. காயம் ஏற்பட்ட நேரத்தில் தன் மனத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கும் திறன் அவர்களிடம் செயலிழந்திருந்தது. அப்போது பார்க்காத ஒன்றை இப்போது கேட்டால் எப்படிச் சொல்வார்கள்? கட்டாயப்படுத்திக் கேட்டால் ஒரு காரணத்தைச் செய்து தருவார்கள். "மன அழுத்தம்", "தேர்வு பயம்" என்று நாம் எதிர்பார்க்கும் சொற்களிலேயே அந்தக் காரணம் வரும். அதை வைத்துக்கொண்டு சிகிச்சையில் ஓர் அடிகூட நகர முடியாது.

ஆகவே இந்த அணுகுமுறை "ஏன்" என்பதைத் தள்ளிவைத்துவிட்டு "எப்போது" என்று கேட்கிறது. கீறலுக்கு முந்தைய அரை மணி நேரத்தில், எந்தக் கட்டம்வரை அவர்களால் தங்களைப் பற்றியும் பிறரைப் பற்றியும் யோசிக்க முடிந்தது? எந்த நொடியில் அது நின்றுபோனது? சிகிச்சையின் பெரும்பகுதி அந்த நொடியைத் தேடிப் போவதுதான். அதை எப்படிச் செய்வது, எங்கே சறுக்கும் என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு இங்கே பார்க்கிறேன்.

மனமறிதல் எப்போது நின்றுபோகிறது

ஒருவரின் நடத்தைக்குப் பின்னால் எண்ணம், உணர்வு, விருப்பம், அச்சம் போன்றவை இருக்கின்றன என்று உணர்ந்து, தன்னையும் பிறரையும் அந்த வகையில் புரிந்துகொள்ளும் திறனே மென்டலைசேஷன். இனி இதை மனமறிதல் என்றே குறிப்பிடுகிறேன். பீட்டர் ஃபொனகி, ஆன்டனி பேட்மேன், மேரி டார்கெட் ஆகியோர் இந்தக் கருத்தை வளர்த்தெடுத்தார்கள். உணர்ச்சியும் உறவுகளும் நிலையில்லாமல் தடுமாறும் பார்டர்லைன் ஆளுமைக் கோளாறுள்ள பெரியவர்களுக்காகப் பேட்மேனும் ஃபொனகியும் வடிவமைத்த சிகிச்சையின் முதல் ஆய்வு 1999இல் வெளிவந்தது. வளரிளம் பருவத்தினருக்கான வடிவம் அதிலிருந்து பின்னர் உருவானது.

இதில் மருத்துவர்கள் முதலில் மனத்தில் கொள்ளவேண்டியது, மனமறிதல் ஒருவரிடம் நிலையாக இருக்கும் அல்லது நிலையாக இல்லாத குணமன்று என்பது. உணர்ச்சிக் கொந்தளிப்பு ஓர் எல்லையைத் தாண்டும்போது, நிதானமாக யோசிக்கும் முறை பின்வாங்கி, தானியங்கி முறை மேலே வருகிறது. நெருங்கிய உறவில் ஏற்படும் அச்சம்தான் அந்த எல்லையை மிக வேகமாகத் தாண்டவைப்பது. அதனால்தான் பள்ளியில் தோழிகளின் சண்டையை அழகாகத் தீர்த்துவைக்கும் ஒரு பெண், வீட்டில் தாயின் ஒரு முகச்சுளிப்பைக் கண்டு நிலைகுலைகிறாள். அமைதியான அறையில் அவளை மதிப்பிட்டுவிட்டு "நல்ல உள்ளறிவு இருக்கிறது" என்று எழுதும் மருத்துவர், அவளைக் கொந்தளிப்பின்போது பார்த்திருக்கவே மாட்டார்.

மனமறிதல் விலகும்போது அந்த இடத்துக்கு மூன்று பழைய மனநிலைகள் வருகின்றன. சுயகாயத்துக்கும் இவற்றுக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

முதலாவது, நினைப்பே நிஜமாகிவிடும் நிலை. "அவளுக்கு என்னைப் பிடிக்கவில்லையோ" என்ற ஐயம், ஐயமாக இல்லாமல் உண்மையாகவே ஆகிவிடுகிறது. "நான் அருவருப்பானவள்" என்ற எண்ணம் எண்ணமாகத் தோன்றாமல், தோலுக்கடியில் இருக்கும் ஒரு பொருளைப்போல் உறைக்கிறது. பொருளாக இருப்பதை வெட்டி அகற்றலாம் என்ற தர்க்கம் அங்கே இயல்பாகிவிடுகிறது.

இரண்டாவது, பாவனை நிலை. இங்கே எண்ணங்களுக்கும் உணர்வுக்கும் இடையிலான இணைப்பு அறுந்துவிடுகிறது. சொற்கள் தாராளமாக வரும், ஆனால் எதுவும் உறைக்காது. மரத்துப்போன இந்த வெறுமையைச் சிலர் தாங்கமுடியாமல், ஏதாவது உணர வேண்டும் என்பதற்காகவே தங்களைக் காயப்படுத்திக்கொள்கிறார்கள்.

மூன்றாவது, செயலை மட்டுமே சான்றாக ஏற்கும் நிலை. அன்பாகச் சொன்ன வார்த்தைக்கு அங்கே மதிப்பில்லை, ஓடிவந்தால்தான் அன்பு. "வேதனையில் இருக்கிறேன்" என்று சொல்வதும் அதே காரணத்தால் போதாது. ரத்தம்தான் அதைச் சொல்லும். இதைத்தான் பலர் "கவனம் ஈர்க்கும் முயற்சி" என்று எழுதிவைக்கிறார்கள். அந்தத் தொடரைக் குறிப்பேட்டிலிருந்து முற்றாக நீக்கிவிடலாம் என்பது என் கருத்து. வார்த்தையால் இன்னொரு மனத்தைத் தொட முடியும் என்ற நம்பிக்கையே போய்விட்ட ஒருவரை அது தந்திரக்காரராகக் காட்டுகிறது.

வளரிளம் பருவத்துக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. பிறர் மனத்தைப் பற்றி இவர்கள் யோசிப்பதே இல்லை என்று கொள்வது தவறு; சிலர் அளவுக்கு மீறி யோசிக்கிறார்கள். கார்லா ஷார்ப்பும் சக ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், பார்டர்லைன் இயல்புகள் அதிகமுள்ள வளரிளம் பருவத்தினர், திரைக்காட்சியில் கண்ட மாந்தரின் மனத்தில் இல்லாத நோக்கங்களையெல்லாம் படித்தெடுத்தனர். ஒற்றைச் சொல் பதில் செய்தியிலிருந்து மூன்று அடுக்குச் சதியைக் கட்டியெழுப்பும் திறன் அது. இப்படிப்பட்டவரிடம் "அவள் வேறு என்ன நினைத்திருக்கலாம்?" என்று கேட்டால் இன்னும் நான்கு கதைகள் கிடைக்கும். அவரை மெதுவாக்கி, தன் உடலிலும் உணர்விலும் என்ன நடந்தது என்ற பக்கத்துக்குத் திருப்புவதே சரியான நகர்வு. பிறரிலேயே மூழ்கியிருப்பவரைத் தன் பக்கமும், தன்னிலேயே மூழ்கியிருப்பவரைப் பிறர் பக்கமும் நகர்த்துவது இந்தச் சிகிச்சையின் அடிப்படை விதிகளில் ஒன்று.

சிகிச்சையின் கட்டமைப்பு

லண்டனில் ட்ரூடி ரொசோவும் ஃபொனகியும் நடத்திய ஆய்வில் பயன்பட்ட வடிவம் ஓராண்டு நீளமானது. வாரம் ஒரு தனி அமர்வு, மாதம் ஒரு குடும்ப அமர்வு. தொடக்க மதிப்பீட்டுக்குப் பிறகு, சிகிச்சையாளர் தன் புரிதலை எளிய மொழியில் எழுதி அந்த இளைஞரிடமே தருகிறார். அவர் அதைப் படித்துத் திருத்துகிறார். கூடவே ஒரு நெருக்கடித் திட்டமும் எழுதப்படுகிறது. நடுக்கட்டம் முழுவதும் மனமறிதலை மீட்டெடுக்கும் பயிற்சி. பிரிவு என்பது இவர்களுக்குச் சாதாரண விஷயமல்ல என்பதால், கடைசி மாதங்களில் சிகிச்சை முடிவதைப் பற்றியே பேசப்படுகிறது.

அமர்வுக்குள் வரிசை முக்கியம். முதலில், அந்த இளைஞர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அவர் உணர்ந்தது புரிந்துகொள்ளக்கூடியதே என்று காட்டும் ஒத்துணர்வு. பிறகு நடந்ததைத் துல்லியமாக்குதல். அதற்குப் பிறகே அந்த நேரத்து உணர்வை ஆராய்வதும், கடைசியாக, இந்த அறைக்குள் நம் இருவருக்கும் இடையில் நடப்பதைப் பற்றிப் பேசுவதும். கொந்தளிப்பு எவ்வளவு அதிகமோ, அவ்வளவுக்குச் சிகிச்சையாளர் எளிமையாகவும் சுருக்கமாகவும் பேசவேண்டும். அழுதுகொண்டிருப்பவரிடம் நீண்ட விளக்கம் தருவது, மனமறிதல் இல்லாத மனத்திடம் மனமறிதலைக் கேட்பதாகும்.

ஓர் எடுத்துக்காட்டு

கீழே வருவது எந்த ஒரு நோயாளியின் வரலாறும் அல்ல. சிகிச்சையின் போக்கைக் காட்டுவதற்காக நான் அமைத்தது.

15 வயதுப் பெண். பத்து மாதங்களாக முன்கையைக் கீறிக்கொள்கிறாள், வாரத்துக்கு ஓரிரு முறை. ஒருமுறை மாத்திரைகளை அதிகமாக விழுங்கிவிட்டு ஒரு மணி நேரத்துக்குள் தாயிடம் சொல்லியிருக்கிறாள். மிதமான மனச்சோர்வு இருக்கிறது. தந்தை வேலை காரணமாக வெளியூரில் இருக்கிறார். வீட்டில் தாயும் தம்பியும். கடைசிக் கீறலுக்குப் பிறகு தாய் தினமும் மகளின் பையையும் கைப்பேசியையும் சோதிக்கிறார். மகள் முழுக்கைச் சட்டை அணிந்தாலே வீட்டில் சண்டை.

மதிப்பீட்டின்போது மாத்திரைகள் எங்கே இருக்கின்றன, யார் கையில் சாவி, சாகவேண்டும் என்ற எண்ணம் இப்போது எந்த அளவில் இருக்கிறது, திட்டம் ஏதும் உண்டா என்பதெல்லாம் நேரடியாகக் கேட்கப்பட்டன. மனமறிதலைப் பேசுகிறோம் என்பதற்காக இந்தக் கேள்விகள் விலகிப்போவதில்லை. கீறுவதைப் பற்றி அவள் சொன்னது: "அது சாவதற்காக இல்லை. செய்தால் அடங்கிவிடுகிறது." மாத்திரை விழுங்கிய அன்று மட்டும் "முடிந்துவிட்டால் நல்லது" என்று தோன்றியதாகச் சொன்னாள். இந்த வேறுபாடு குறித்துவைக்கப்பட்டது. ஆனால் அந்த வேறுபாட்டை நம்பி ஆபத்துக் குறைவு என்று முடிவுகட்டவில்லை.

மூன்றாவது வாரம் அவளிடம் தரப்பட்ட எழுத்துக் குறிப்பின் ஒரு பகுதி இப்படி இருந்தது: "பிறர் முகத்தில் சிறிய மாற்றம் தெரிந்தாலும் நீ உடனே கவனித்துவிடுகிறாய். அது ஒரு திறமை. ஆனால் உனக்கு முக்கியமானவர்களின் முகம் மாறும்போது, 'என்னால்தான்' என்று மிக வேகமாக முடிவுக்கு வந்துவிடுகிறாய் என்று நினைக்கிறேன். அதன் பிறகு கேட்பதில் பயனில்லை என்று தோன்றிவிடுகிறது. பேச்சு நின்றுபோகும் அந்த இடத்தில்தான் கீறல் தொடங்குகிறதோ என்பது என் ஊகம்." அவள் படித்துவிட்டு "வேகமாக" என்ற சொல்லை அடித்துவிட்டு "தானாக" என்று எழுதினாள். திருத்தம் அப்படியே ஏற்கப்பட்டது. சிகிச்சையாளர் எழுதியதைவிட அது துல்லியமாகவும் இருந்தது.

ஆறாவது வாரம். ஞாயிறு இரவு கீறிக்கொண்டுவிட்டு, செவ்வாய்க்கிழமை அமர்வுக்கு வருகிறாள். காயத்துக்கு மருத்துவக் கவனிப்பு தேவையா என்று பார்த்து முடித்தபின், சிகிச்சையாளர் நிகழ்வைப் பின்னோக்கிச் சுற்றத் தொடங்குகிறார்.

"இரவு எட்டரைக்கு என்கிறாய். அன்று மாலை எல்லாம் சரியாக இருந்த கடைசி நேரம் எது?"

"ஏழு மணி இருக்கும். படம் வரைந்துகொண்டிருந்தேன்."

"அதற்குப் பிறகு?"

"தோழிக்குச் செய்தி அனுப்பினேன். பார்த்துவிட்டாள். பதில் அனுப்பவில்லை."

பயிற்சி குறைந்த சிகிச்சையாளர் இங்கேயே நின்றுவிடுவார். தோழி நிராகரித்தாள், அதனால் கீறினாள் என்று கதை கச்சிதமாக முடிகிறது. ஆனால் செய்தி போனது ஏழு மணிக்கு, கீறல் எட்டரைக்கு. இடையில் ஒன்றரை மணி நேரம் அவள் தாங்கியிருக்கிறாள். தாங்கியபோது என்ன செய்தாள்?

"வருத்தமாக இருந்தது. அம்மாவிடம் போனேன்."

"என்ன நினைத்துப் போனாய்?"

"எதுவும் நினைக்கவில்லை. சும்மாதான்." சற்று நேரம் கழித்து: "அம்மா கேட்பாள் என்று நினைத்தேன், என்ன ஆயிற்று என்று."

இதுவரை மனமறிதல் உயிரோடு இருக்கிறது. தனக்கு வருத்தம் என்று தெரிகிறது. இன்னொருவர் உதவலாம் என்ற எண்ணமும் இருக்கிறது.

"போனதும் என்ன நடந்தது?"

"அம்மா ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள். அவ்வளவுதான்."

"அந்தப் பெருமூச்சு கேட்டதும்?"

"தெரிந்துவிட்டது, நான் அவளுக்குச் சுமை என்று."

"தெரிந்துவிட்டது" என்ற சொல்தான் தேடிய இடம். ஊகம் ஒன்று உண்மையாக உறைந்த நொடி அது. அதற்குப் பிறகு அவள் சொன்னவை குறைவு: அறைக்குப் போனாள், உடம்பு மரத்துப்போனது, எட்டரை ஆனது. அந்த இடைவெளிக்குள் உணர்வுச் சொல் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனிக்கவும். முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்கு வழுக்கியிருக்கிறாள். பிறகு தாய் காயத்தைப் பார்த்து, அழுது, விடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். செயல்தான் சான்று என்பது அந்த இரவு மறுபடி ஒருமுறை நிரூபணமானது. ஒரே மாலையில் மூன்று நிலைகளும்.

இந்த இடத்தில் கை பரபரக்கும். "அம்மா களைப்பாக இருந்திருக்கலாமே?" என்று கேட்கத் தோன்றும். அறிவாற்றல் சிகிச்சையில் பழகியவர்களுக்கு இது அனிச்சைச் செயலாகவே வரும். ஆனால் நினைப்பே நிஜமாக இருக்கும் ஒருவரிடம் மாற்று விளக்கம் கொடுத்தால், "நீ சொல்வது பொய்" என்றே அது காதில் விழும். எனவே சிகிச்சையாளர் முதலில் அவள் பக்கத்தில் போய் நின்றார்.

"வருத்தத்தோடு ஒருவரைத் தேடிப் போகிறாய். அவர் உன்னைப் பார்த்ததுமே பெருமூச்சு விடுகிறார். சுமை என்று தெரிந்துவிட்ட பிறகு வாய் திறப்பது எவ்வளவு கடினம்."

அவள் அழுதாள். ஞாயிறு மாலை மரத்துப்போன உணர்வு, செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. சில நிமிடங்கள் கழித்து சிகிச்சையாளர் கேட்டது இதுதான்: "அந்த நொடியை மறுபடி மெதுவாக ஓட்டிப் பார்க்கலாமா? பெருமூச்சு காதில் விழுகிறது. சுமை என்ற எண்ணம் வருகிறது. இரண்டுக்கும் நடுவில் உடம்பில் ஏதாவது?"

"வயிறு கீழே போனது மாதிரி." பிறகு: "பயம். அப்பா மாதிரி அம்மாவும் போய்விடுவாளோ என்று."

பயம் என்று பெயர் வந்தபிறகுதான், தாயின் மனத்தில் என்ன இருந்திருக்கும் என்ற கேள்விக்கு இடம் பிறந்தது. அதையும் சிகிச்சையாளர் கேட்கவில்லை. அவளே சொன்னாள்: "யாரிடம் பேசிக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியாது."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நாற்பது நிமிடம் செலவாயிற்று. "தெரிந்துவிட்டது" என்பதிலிருந்து "எனக்குத் தெரியாது" என்பதற்கு வந்திருக்கிறாள். தொடக்கத்தில் சொன்ன "தெரியவில்லை" வெறுமை. இப்போதைய "தெரியாது" ஆர்வம்.

அமர்வின் கடைசிப் பகுதியில் சிகிச்சையாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் முகம் இறுகியது. "சரி, போதும். உங்களுக்கும் அலுத்துவிட்டது." ஞாயிறு மாலை, அறைக்குள்ளேயே மறுபடி நடக்கிறது. "இல்லை, இல்லை, அலுக்கவில்லை" என்று பதறி மறுப்பது அவள் பார்வையைப் பொய்யாக்கும். பேசாமல் கடந்துபோவது அதை உறுதிசெய்யும். சிகிச்சையாளர் சொன்னார்: "நான் கடிகாரத்தைப் பார்த்தது உண்மை. நீ கவனித்தது சரி. இவ்வளவு முக்கியமான இடத்தில் இருக்கும்போது நேரம் முடிந்துவிடுமோ என்ற கவலையில் பார்த்தேன். ஆனால் அதைச் சொல்லாமல் பார்த்ததால், உனக்கு என் முகம் மட்டும்தான் தெரிந்தது. பார்த்ததும் உனக்குள் என்ன ஆயிற்று?" "வயிறுதான்" என்றாள், லேசாகச் சிரித்து. தன் மனத்தைத் திறந்து காட்டுவது, தன் பங்கை ஏற்பது, பிறகு அவள் பக்கம் திரும்புவது என்ற இந்த வரிசை சிகிச்சை முழுவதும் பலமுறை தேவைப்படும். பிறர் சொல்வது தனக்கும் பொருந்தும், எடுத்துக்கொள்ளத் தகுந்தது என்ற நம்பிக்கை இப்படிப்பட்ட சிறிய பழுதுபார்ப்புகளில்தான் மெதுவாகத் திரும்புகிறது.

தாயின் மனமும் நின்றுபோகிறது

அடுத்து வந்த குடும்ப அமர்வில் தாய் முதலில் பையைச் சோதிப்பதைப் பற்றிப் பேசினார். "சோதிக்காவிட்டால் என்ன செய்வாள் என்று யாருக்குத் தெரியும்?" மகள் சுவரைப் பார்த்தாள். சிகிச்சையாளர் கையை உயர்த்தி அங்கேயே நிறுத்தினார். "ஒரு நிமிடம். பையைத் திறக்கும்போது உங்களுக்குள் என்ன ஓடுகிறது?" தாய் சொல்லத் தொடங்கியது கோபமாக இருந்தது, சொல்லி முடித்தது வேறாக இருந்தது: "ஒருநாள் நான் தாமதமாகப் பார்த்துவிடுவேனோ என்று." மகள் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு இது புதிய செய்தி. பையைத் திறக்கும் கையில் இதுவரை வெறுப்பைத்தான் பார்த்திருந்தாள்.

பெருமூச்சு பற்றியும் பேச்சு வந்தது. அன்று ஃபோனில் தந்தை. விடுமுறைக்கு வரமுடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாம் இதோடு தீர்ந்தது என்று நினைக்கவேண்டாம். "அப்படியென்றால் சொல்லியிருக்கலாமே!" என்று மகள் வெடித்தாள், தாய் பதிலுக்குக் குரல் உயர்த்தினார், அமர்வை இரண்டு முறை நிறுத்தவேண்டியிருந்தது. குடும்ப அமர்வின் இலக்கு சமரசம் அல்ல. இருவரும் ஒருவர் மனத்தை ஒருவர் பார்க்கமுடியாமல் போகும் கட்டத்தை, அது நடக்கும்போதே அடையாளம் காண்பதுதான்.

அந்த அமர்வுக்குப் பிறகு நெருக்கடித் திட்டம் திருத்தி எழுதப்பட்டது. பழைய திட்டத்தில் "கஷ்டமாக இருந்தால் அம்மாவிடம் சொல்வேன்" என்று இருந்தது. அவளால் சொல்லமுடியாமல் போவதுதான் நோயே என்னும்போது, அந்த வரி வெறும் காகிதம். புதியதில் அடையாளமாக எழுதப்பட்டது, "வயிறு கீழே போவது". அந்த நேரத்தில் பேசத் தேவையில்லை. ஓவியப் புத்தகத்தைத் தாயின் கண்ணெதிரே வைத்தால் போதும். தாய் செய்யவேண்டியது: ஃபோனை வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்காருவது, முதல் பத்து நிமிடம் எதுவும் கேட்காமல் இருப்பது. வீட்டில் மாத்திரைகள் பூட்டி வைக்கப்படும். அது தண்டனை அல்ல என்று மகளிடம் சொல்லப்படும். பை சோதனை நிற்கும். சாகவேண்டும் என்ற எண்ணம் வந்தால் இந்தத் திட்டத்தோடு நிற்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரவேண்டும் என்பதும் பெரிய எழுத்தில் சேர்க்கப்பட்டது.

நான்காம் மாதம் கீறல் மாதத்துக்கு ஓரிரு முறை என்று குறைந்தது. ஏழாம் மாதம் சிகிச்சையாளரின் இரண்டு வார விடுப்பில் மறுபடி கூடியது. விடுப்பைப் பற்றி முன்கூட்டியே பேசியிருந்தும் அப்படி. திரும்பிவந்தபின் அதையும் அதே முறையில் பின்னோக்கிச் சுற்றினார்கள். ஆண்டு முடிவில் கடைசி இரண்டு மாதங்களில் ஒருமுறை. மனச்சோர்வு குறைந்திருந்தது, நீங்கியிருக்கவில்லை.

எங்கே தவறுகிறது

இந்தச் சிகிச்சையில் மிக அடிக்கடி நேரும் தோல்வி, வெளிப்பார்வைக்கு வெற்றிபோல் இருக்கும். இளைஞர் சரளமாகப் பேசுவார். "என் பற்றுறவு முறை காரணமாக நான் நிராகரிப்பை மிகைப்படுத்துகிறேன்" என்று நம் மொழியிலேயே நமக்குத் திருப்பித் தருவார். அமர்வு இனிமையாக முடியும். கீறல் அப்படியே தொடரும். இது பாவனை நிலை. கண்டுபிடிக்க ஒரு வழி, உங்கள் உடலைக் கவனிப்பது: இவ்வளவு கனமான விஷயத்தைப் பேசும்போது உங்களுக்குக் கொட்டாவி வருகிறதா? இன்னொரு வழி, பேச்சில் குறிப்பான நேரம், இடம், ஆள் எதுவும் இல்லாமல் "எப்போதும்", "எல்லோரும்" மட்டுமே இருக்கிறதா என்று பார்ப்பது. அப்படியென்றால் நிறுத்திவிட்டு நேற்று மாலைக்குப் போகவேண்டும். சில சமயம் "நாம் இருவரும் நன்றாகப் பேசுகிறோம், ஆனால் எதுவும் நகரவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. உனக்கு?" என்று நேராகவே கேட்டு உடைக்கவேண்டியிருக்கும்.

இரண்டாவது தோல்வி நம்முடையது. நோயாளியின் புதிய காயத்தைப் பார்த்ததும் நம் கொந்தளிப்பும் எல்லை தாண்டுகிறது. நாமும் செயலை மட்டும் நம்பத் தொடங்குகிறோம். இனிமேல் செய்யமாட்டேன் என்று எழுதி வாங்குவது, கையைக் காட்டச் சொல்லிக் கீறல்களை எண்ணுவது, ஆபத்து அளவுகோலில் மதிப்பெண் போட்டு நிம்மதியடைவது எல்லாம் அந்த நிலையில் பிறப்பவை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட சுயகாய வழிகாட்டுதல், எதிர்காலத் தற்கொலையையோ சுயகாயத்தையோ முன்னறிய அளவுகோல்களைப் பயன்படுத்தவேண்டாம் என்றே சொல்கிறது. பாதுகாப்புக்காகச் செய்யவேண்டியவை உண்டு. மேலே பூட்டிய மாத்திரைகள் அந்த வகை. ஒரு செயலைச் செய்வதற்கு முன் "இது அவளுடைய பாதுகாப்புக்கா, என் பதற்றத்துக்கா?" என்று சக சிகிச்சையாளர்களோடு வாராந்தர மேற்பார்வையில் கேட்டுப்பார்ப்பது இந்தச் சிகிச்சையின் பகுதியாகவே கருதப்படுகிறது. தனியாக மருத்துவம் பார்ப்பவர்கள் இந்த ஏற்பாடு இல்லாமல் இதைத் தொடங்குவது விவேகமல்ல.

சான்று எவ்வளவு

ரொசோ, ஃபொனகி ஆய்வு 2012இல் வெளிவந்தது. தன்னைக் காயப்படுத்திக்கொண்ட 80 வளரிளம் பருவத்தினர் குலுக்கல் முறையில் இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஓராண்டு முடிவில், முந்தைய மூன்று மாதங்களில் சுயகாயம் இருந்ததாகச் சொன்னவர்கள் மனமறிதல் சிகிச்சைக் குழுவில் 56 சதவீதம், வழக்கமான சிகிச்சைக் குழுவில் 83 சதவீதம். மனச்சோர்விலும் மேம்பாடு அதிகம். மனமறிதல் கூடியதும் நெருக்கத்தைத் தவிர்க்கும் போக்கு குறைந்ததும் இந்த மாற்றத்தோடு இணைந்திருந்தன. அதாவது கோட்பாடு சொன்ன பாதையிலேயே பலன் வந்ததற்கு ஓர் அறிகுறி. ஆனால் அதே எண்ணைத் திருப்பிப் பார்த்தால், சிகிச்சை பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஓராண்டுக்குப் பிறகும் தங்களைக் காயப்படுத்திக்கொண்டிருந்தார்கள். முழு ஆண்டுச் சிகிச்சையையும் முடித்தவர்கள் ஏறத்தாழ பாதிப்பேரே. குடும்பத்திடம் இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

டென்மார்க்கில் பார்டர்லைன் கோளாறுள்ள வளரிளம் பருவத்தினருக்கு இதே அணுகுமுறையைக் குழுச் சிகிச்சையாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2020இல் வெளியானது. வழக்கமான சிகிச்சையைவிட மேலான பலன் தெரியவில்லை. என் ஊகம்: தங்களைக் காயப்படுத்திக்கொள்ளும் பலர் ஒரே அறையில் இருக்கும்போது கொந்தளிப்பு கூடுகிறது, ஒருவருடைய ஞாயிறு மாலையை நாற்பது நிமிடம் பின்னோக்கிச் சுற்ற அங்கே இடமும் இல்லை. அது ஊகம் மட்டுமே.

சுயகாயத்தைக் குறைப்பதில் உணர்ச்சிகளைக் கையாளும் திறன்களைக் கற்பிக்கும், வளரிளம் பருவத்தினருக்கான டயலெக்டிக்கல் பிஹேவியர் சிகிச்சைக்கு இதைவிட வலுவான சான்று இருக்கிறது. அடிக்கடி சுயகாயமும் கடுமையான உணர்ச்சித் தடுமாற்றமும் உள்ளவர்களுக்கு நைஸ் வழிகாட்டுதல் பரிசீலிக்கச் சொல்வதும் அதைத்தான். அது கிடைக்கும் இடத்தில் முதலில் அதைத் தருவதற்கே நான் வாக்களிப்பேன். கிடைக்காத இடத்திலும், திறன்களைக் கற்றும் நெருங்கிய உறவின் கொந்தளிப்பில் அவற்றை எடுக்கமுடியாதவர்களிடத்திலும், குடும்பத்துக்குள்ளேயே புரிதல் முறிந்துபோன வீடுகளிலும் மனமறிதல் அணுகுமுறைக்கு நியாயமான இடம் இருக்கிறது. தீவிர மனப்பிறழ்வு, தற்கொலைத் திட்டத்தோடு கூடிய நெருக்கடி, வீட்டிலேயே தொடரும் வன்கொடுமை ஆகியவற்றில் முதலில் செய்யவேண்டியது வேறு. குறிப்பாகக் கடைசியில் சொன்னதில், "அவர் மனத்தில் என்ன இருந்திருக்கும்" என்று அந்தக் குழந்தையிடம் கேட்பது கொடுமையாகவே முடியும். அங்கே முதல் வேலை குழந்தைப் பாதுகாப்பு அமைப்புக்குத் தெரிவிப்பது.

முழு ஓராண்டு வடிவத்தை நடத்தப் பயிற்சியும் குழுவும் வேண்டும். பின்னோக்கிச் சுற்றும் அந்த ஒரு நகர்வை மட்டும், முறையான பயிற்சிக்கு முன்பும், வேறு வகைச் சிகிச்சையின் நடுவிலும் பயன்படுத்தலாம். அவசரப் பிரிவில் இருபது நிமிடமே இருந்தாலும், எல்லாம் சரியாக இருந்த கடைசி நேரத்தில் தொடங்கி, "தெரிந்துவிட்டது" என்று அவர் சொல்லும் இடம்வரை போய் நின்றால், அடுத்துப் பார்ப்பவருக்கு எழுதிவைக்க உருப்படியான ஒரு குறிப்பு கிடைத்திருக்கும்.